நூறு சொல் மின்னஞ்சலை அறுபதாக்குவது: மரியாதை குறையாமல்

அலுவலக மின்னஞ்சலைச் சுருக்கு என்றால் நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வரும். நீளமாக எழுதினால்தான் பணிவு, சுருக்கினால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் அரச கச்சேரிக் கடிதங்களிலிருந்து நமக்கு வந்தது. அந்தக் கடித நடை அப்படியே மின்னஞ்சலுக்குள் குடியேறிவிட்டது. இன்னொரு பக்கம், கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பழகிய இளையவர்கள் நேரெதிராக எழுதுகிறார்கள். அவர்களின் மூன்று சொல் மின்னஞ்சல் மேலதிகாரிக்குக் கட்டளைபோலக் கேட்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரு தமிழ் வாக்கியத்தில் மரியாதை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவது. அதைக் கண்டுகொண்டால் எதை வெட்டலாம், எதில் கைவைக்கக்கூடாது என்பது தானாகத் தெளிவாகும்.

ஒரே ஒரு மின்னஞ்சலை எடுத்து முழுவதுமாகப் பார்ப்போம். கிளிநொச்சியில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் மாவட்ட உதவி ஆணையாளருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிய குளம் ஒன்றில் நீரைத் திறந்துவிடும் துருசு பழுதாகிவிட்டது. திருத்த நிறுவனத்திடம் பணம் இருக்கிறது. ஆனால் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. அவர்களின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு தராமல் வேலை தொடங்க முடியாது. குளத்துக்குப் புதுக்குளம் என்று ஒரு பெயரும் வைப்போம். வழமையாக எழுதப்படும் மின்னஞ்சல் இப்படி இருக்கும்:

> விடயம்: குளப் புனரமைப்பு வேலைகள் தொடர்பானது
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் கொண்டுவர விரும்புவது யாதெனில், கரைச்சிப் பிரதேசத்தில் அமைந்துள்ள புதுக்குளமானது நீண்டகாலமாக அப்பகுதி விவசாயிகளின் பிரதான நீர்ப்பாசன மூலமாக விளங்கி வருகின்றது என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். கடந்த கலந்துரையாடலின்போது தங்களால் தெரிவிக்கப்பட்டதற்கு அமைவாக, எமது நிறுவனத்தினால் மேற்படி குளத்தின் துருசு திருத்த வேலைகளுக்கான நிதி ஒதுக்கீடு மேற்கொள்ளப்பட்டுள்ளது என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் அறியத் தருகின்றோம். எனினும் குறித்த வேலைகளை ஆரம்பிப்பதற்கு முன்னர் தங்களது திணைக்களத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரினால் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டு மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட வேண்டிய தேவை காணப்படுகின்றது. மேலும் பருவமழை ஆரம்பிப்பதற்கு முன்னர் வேலைகள் யாவும் நிறைவு செய்யப்பட வேண்டும் என்பதனால், இவ்விடயத்தில் கூடிய கவனம் செலுத்தி, இயலுமான விரைவில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் களத்திற்கு அனுப்பி வைப்பதற்கு ஆவன செய்து தருமாறு தங்களைத் தயவுடன் கேட்டுக்கொள்கின்றோம். இது தொடர்பில் தங்களது மேலான ஒத்துழைப்பினை எதிர்பார்த்து நிற்கின்றோம்.
>
> நன்றி.

விளிப்பையும் நன்றியையும் விட்டால் இதில் 99 சொற்கள். இலக்கணப் பிழை இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. ஆனால் உதவி ஆணையாளர் என்ன செய்யவேண்டும் என்பது ஏறத்தாழ எண்பதாவது சொல்லில்தான் தொடங்குகிறது. எப்போது என்பது கடைசிவரை வரவில்லை. "இயலுமான விரைவில்" என்பது நாளைக்கும் பொருந்தும், நவம்பருக்கும் பொருந்தும்.

சுருக்கும் வேலையை வெட்டுவதில் தொடங்கவேண்டாம். முதலில் மின்னஞ்சலை மூடிவைத்துவிட்டு, "இவர் எனக்கு என்ன செய்யவேண்டும்? எந்த நாளுக்குள்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் மின்னஞ்சல் நீளமானதற்குக் காரணம் சொற்கள் அல்ல. கேட்பது என்ன என்று எழுதுபவருக்கே முடிவாகவில்லை. இங்கே பதில் எளிது: தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பவேண்டும், ஓகஸ்ட் 14க்குள். அந்த 14 எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. வன்னியில் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு மழையை நம்பி எந்த மண்வேலையும் வைத்துக்கொள்ள முடியாது. துருசில் கைவைக்கக் குளத்து நீர் வற்றியிருக்கவும் வேண்டும். திருத்த வேலைக்கு ஆறு வாரம், மதிப்பீடு எழுதி ஒப்புதல் பெற இரண்டு வாரம் என்று எடுத்தால் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் உத்தியோகத்தர் குளக்கட்டில் நிற்கவேண்டும். திகதியை இப்படிக் கணக்கிட்டுப் பெற்றால் அதைக் கேட்பதற்குக் கூச்சம் இருக்காது. அது நம் அவசரம் அல்ல, மழைக்கால நெற்செய்கையான காலபோகத்தின் அவசரம் என்பதைப் படிப்பவரும் புரிந்துகொள்வார்.

அந்த ஒரு வாக்கியத்தை மின்னஞ்சலின் தலையில் வையுங்கள். எடுத்த எடுப்பில் கேட்பது முறையா என்று பலர் தயங்குவார்கள். ஒருவர் வீட்டுப் படலையில் நின்று கேட்கும்போது நலம் விசாரித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வோம். நேரில் அது சரி. மின்னஞ்சலில் அந்த வேலையை "மதிப்பிற்குரிய ஐயா" என்ற விளிப்பு செய்துமுடித்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நாலு வரி வாசலில் நிற்பது, ஒரு நாளில் பல மின்னஞ்சல் பார்க்கும் ஒருவரின் நேரத்தை எடுப்பது.

இப்போது வெட்டலாம். முதலில் போகவேண்டியது படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. மாவட்டத்தின் சிறு குளங்களுக்குப் பொறுப்பானவரிடம் குளம் விவசாயிகளுக்கு நீர் தருகிறது என்று விளக்குவதில் பயன் இல்லை. "தாங்கள் நன்கு அறிவீர்கள்" என்று முடியும் எந்த வாக்கியத்தையும் துணிந்து எடுத்துவிடலாம். அவருக்குத் தெரியும் என்று நாமே எழுதியிருக்கிறோம்.

அடுத்து, நீட்டப்பட்ட வினைகள். அலுவலகத் தமிழில் ஒரு வினையைப் பெயராக்கி, அதன் பின்னால் "மேற்கொள்ளல்", "காணப்படல்", "செய்யப்படல்" என்று இன்னொரு வினையைக் கட்டிவிடுவது பழக்கம். "நிதி ஒதுக்கீடு மேற்கொள்ளப்பட்டுள்ளது" என்பது "நிதி ஒதுக்கிவிட்டோம்" ஆகும். "கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டு" என்பது "பார்வையிட்டு" ஆகும். "தேவை காணப்படுகின்றது" என்பதற்குத் "தேவை" போதும். இந்த மாற்றத்தில் மரியாதை துளியும் குறையாது. ஏனென்றால் "மேற்கொள்ளப்பட்டுள்ளது" என்ற சொல்லில் மரியாதை இருந்ததே இல்லை, கனம்தான் இருந்தது.

செயப்பாட்டு வினைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஆளை மறைத்துவிடும். "வேலைகள் யாவும் நிறைவு செய்யப்பட வேண்டும்" என்றால் யார் செய்வது? நிறுவனமா, திணைக்களமா, கமக்காரர் அமைப்பா? எழுதியவருக்குத் தெரியும். படிப்பவர் அது தன் தலையில் விழுமோ என்று எண்ணினால் கோவை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். "வேலையை நாங்கள் செய்வோம், மதிப்பீடு மட்டும் தாருங்கள்" என்ற பொருள் தெரிந்தால் அவர் உடனே கையெழுத்திடக்கூடும். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கும்போது சொற்கள் குறைவது ஒரு இலாபம். பொறுப்பு யாருடையது என்பது தெளிவது அதைவிடப் பெரிய இலாபம்.

மூன்றாவது, அடுக்கி வைத்த பணிவுச் சொற்கள். அந்த மின்னஞ்சலில் "தாழ்மையுடன்", "மேலான" இரண்டு முறை, "மிக்க மகிழ்ச்சியுடன்", "தயவுடன்", "எதிர்பார்த்து நிற்கின்றோம்" எல்லாம் இருக்கின்றன. பணிவுச் சொல் ஒன்று இருந்தால் கேட்கும். ஆறு இருந்தால் ஒன்றும் கேட்காது. எல்லோரும் எல்லாக் கடிதத்திலும் எழுதுவதால் கண் அவற்றைத் தாண்டிப்போகப் பழகிவிட்டது.

அப்படியானால் மரியாதை எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில். கேட்கும் வினையின் முடிவில், கேட்பதற்கான காரணத்தில், முடியாவிட்டால் அவர் சொல்ல நாம் விடும் வழியில். இந்த மூன்றையும் வெட்டாதவரை மின்னஞ்சல் எவ்வளவு சுருங்கினாலும் பண்பு கெடாது.

வினைமுடிவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் சுருக்கும்போது அதிகம் தவறுவது இங்கேதான். "அனுப்பவும்" என்பது சுற்றறிக்கைக்கும் அறிவித்தல் பலகைக்கும் உரிய முடிவு. மேலிருந்து கீழே போகும்போது அது பொருந்தும். மற்ற இடங்களில் உத்தரவுபோல ஒலிக்கும். "அனுப்புங்கள்" என்பது கூடவே வேலை செய்பவருக்குச் சரி. "அனுப்பித் தாருங்கள்" அதைவிட இளகியது. நமக்காக ஒன்று செய்யச் சொல்கிறோம் என்பது "தாருங்கள்" என்ற துணைவினையில் வந்துவிடுகிறது. "அனுப்பி உதவ முடியுமா?" என்பது இன்னும் ஒரு படி மேலே: கேள்வியாக இருப்பதால் முடிவு அவர் கையில் இருக்கிறது. "அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்" என்பது கையொப்பமிட்ட கடிதத்துக்கு உரிய நடை. அதையும் மின்னஞ்சலில் எழுதலாம், தவறில்லை. ஆனால் அதன் முன்னால் "தங்களைத் தாழ்மையுடனும் தயவுடனும்" என்று சேர்க்கத் தேவையில்லை. "தயவுசெய்து அனுப்பவும்" என்று எழுதினாலும் கட்டளை கட்டளைதான். தயவு முன்னால் நிற்கிறது, உத்தரவு பின்னால் நிற்கிறது. தமிழில் காதில் கடைசியாக விழுவது வினைமுடிவு.

இதே கவனம் "நீங்கள்", "தாங்கள்" என்பதிலும் வேண்டும். வேறு திணைக்களத்தின் மேலதிகாரிக்குத் "தாங்கள்" என்று தொடங்கினால் கடைசிவரை அதையே வையுங்கள். சுருக்கும்போது ஒரு வாக்கியத்தில் "தங்களது", அடுத்ததில் "உங்கள்" என்று கலந்தால் வெட்டி ஒட்டிய தையல் தெரியும். பெறுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் "ஐயா" என்று ஊகிக்காமல் "மதிப்பிற்குரிய உதவி ஆணையாளர் அவர்களுக்கு" என்று பதவியை எழுதுவது நல்லது. இரண்டு சொல் கூடும், அவை கூடட்டும்.

காரணத்தைப் பொறுத்தவரை, ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. அவர் மேலே உள்ளவருக்கோ கீழே உள்ளவருக்கோ திருப்பிச் சொல்லக்கூடிய காரணமாக அது இருக்கவேண்டும். "மழைக்கு முன் முடித்தால்தான் காலபோகத்துக்கு நீர் தேக்கலாம்" என்பதை அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் அப்படியே சொல்லலாம். "இவ்விடயத்தில் கூடிய கவனம் செலுத்தி" என்பதை யாரிடமும் சொல்ல முடியாது.

மூன்றாவதான வழிவிடல் நம் மின்னஞ்சல்களில் அநேகமாக இருப்பதே இல்லை. ஒரு மாவட்டத்துக்கு இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் சிலரே. 14க்குள் முடியாது என்றால் அவர் என்ன எழுதுவார்? மறுத்து எழுதுவது சங்கடம் என்பதால் ஒன்றும் எழுதமாட்டார். "வசதிப்படாவிட்டால் ஏற்ற நாளை அறியத் தாருங்கள்" என்ற ஒரு வரி அந்தச் சங்கடத்தை நீக்கும். பதில் வராத மின்னஞ்சல்கள் பலவற்றில் இந்த ஒரு வரிதான் குறை.

எல்லாம் சேர்த்துத் திருத்தியெழுதினால்:

> விடயம்: புதுக்குளம் துருசு: ஓகஸ்ட் 14க்குள் கள ஆய்வு கோரல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> கரைச்சிப் பிரதேசப் புதுக்குளத்தின் துருசைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க, தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை ஓகஸ்ட் 14ஆம் திகதிக்குள் அனுப்பி உதவ முடியுமா?
>
> யூலை 9ஆம் திகதிக் கூட்டத்தில் தாங்கள் கூறியபடி வேலைக்கான நிதியை ஒதுக்கிவிட்டோம். மதிப்பீடு கிடைத்தபின் வேலை முடிய ஆறு வாரங்கள் வேண்டும். ஒக்டோபர் நடுப்பகுதியில் மழை தொடங்குமுன் முடித்தால்தான் காலபோகத்துக்கு நீர் தேக்கலாம்.
>
> அந்தத் திகதிக்குள் வசதிப்படாவிட்டால் தங்களுக்கு ஏற்ற நாளை அறியத் தாருங்கள். கமக்காரர் அமைப்பின் செயலாளர் குளத்தடியில் நிற்பார். உத்தியோகத்தர் வந்துபோக எமது வாகனத்தை அனுப்புவோம்.
>
> நன்றி.

இது 58 சொற்கள். பழையதில் இல்லாத நான்கு விடயங்களும் இதில் புதிதாக வந்திருக்கின்றன: கடைசித் திகதி, வேலைக்கான காலம், களத்தில் யார் நிற்பார் என்பது, வாகனம். வாகனம் சின்ன விடயமல்ல. ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கிக் கிரவல் பாதையில் போகவேண்டிய குளத்துக்கு, கள ஆய்வு தள்ளிப்போவதற்குப் போக்குவரத்தே காரணமாக இருக்கலாம். சுருக்கியதால் கிடைத்த இடத்தில் அவருக்கு உதவும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம். "மேலான ஒத்துழைப்பினை எதிர்பார்த்து" என்பதைவிட இதில் பணிவு கூடுதல்.

"கடந்த கலந்துரையாடலின்போது" என்பது "யூலை 9ஆம் திகதிக் கூட்டத்தில்" என்று மாறியதையும் கவனியுங்கள். இதை வெட்டவில்லை, கூர்மைப்படுத்தினோம். அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்று என்பது அவருக்கு நினைவு வரும். அதற்குரிய கூட்ட அறிக்கையையும் எழுதுவினைஞர் எடுத்துத் தரலாம்.

"14ஆம் திகதிக்கு முன்" என்று எழுதாமல் "14ஆம் திகதிக்குள்" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. முன் என்றால் 14 சேருமா இல்லையா என்று ஆளுக்கு ஒரு மாதிரி எடுப்பார்கள். உள் என்றால் அந்த நாளும் சேர்த்தி. விலைமனு, விண்ணப்பம் போன்றவற்றில் இந்த ஒரு நாள் பெரிய வழக்காகிவிடும், அங்கே "பி.ப. 3 மணிக்குள்" என்று நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

இதையே மேலும் வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

> ஐயா, புதுக்குளம் துருசு தொடர்பாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை உடனடியாக அனுப்பவும். மதிப்பீடு தேவை. நன்றி.

இது சுருக்கமல்ல, குறைப்பு. வினைமுடிவு கட்டளையாகிவிட்டது. திகதி இருந்த இடத்தில் "உடனடியாக" வந்துவிட்டது. அது கோபத்தை மட்டும் சொல்லும், நாளைச் சொல்லாது. காரணமும் வழியும் இரண்டும் போய்விட்டன. இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது: எந்தப் புதுக்குளம்? வன்னியில் ஒரே பெயருள்ள ஊர்களும் குளங்களும் ஒன்றுக்கு மேல் உண்டு. அதனால் பிரதேசத்தின் பெயரை ஒருபோதும் வெட்டவேண்டாம். கையொப்பத்துக்கு மேல் "இடம்" என்று ஒரு வரி போட்டு, கிராம அலுவலர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் செயலாளரின் கைபேசி எண்ணையும் தருவது இன்னும் நல்லது. பெயர், இடம், திகதி, தொகை, கோவை இலக்கம் ஆகிய ஐந்தும் சுருக்கத்தின் கணக்கில் சேராது.

அரச அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பும் மின்னஞ்சல் அச்சிடப்பட்டுக் கோவைக்குள் போகலாம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். திரையில் "கீழேயுள்ள மின்னஞ்சலைப் பார்க்கவும்" என்பது புரியும். முதற்பக்கம் மட்டும் அச்சாகி மேசைக்குப் போனால் அங்கே கீழே ஒன்றும் இருக்காது. ஆகவே சுருக்கிய மின்னஞ்சல் தனித்து நின்றும் பொருள் தரவேண்டும். "அது", "மேற்படி", "குறித்த" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, அது எதைச் சுட்டுகிறது என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பமிட்ட கடிதத்தை இணைத்துவிட்டு "இணைப்பைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதுவதும் இதே தவறு. கடிதம் முழுவதையும் மின்னஞ்சலில் திருப்பி எழுதவேண்டியதில்லை. ஆனால் கேட்பது என்ன, எந்த நாளுக்குள் என்ற ஒரு வாக்கியம் வெளியே தெரியவேண்டும்.

விடயத் தலைப்பில் குளத்தின் பெயரை முதலில் வைத்ததும் கைபேசித் திரையை எண்ணித்தான். அங்கே தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும். "குளப் புனரமைப்பு வேலைகள் தொடர்பானது" என்பதில் தெரிகிற பாதி எந்தக் குளத்துக்கும் பொருந்தும். தலைப்பைப் பற்றி இன்னொன்று: பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டினால் அது மின்னஞ்சலில் தமிழாக நிற்காது. "தமிழ்" என்று அடித்தது `jkpo;` என்று போய்ச் சேரும். எவ்வளவு நயமாகச் சுருக்கியிருந்தாலும் பயனில்லை. யூனிக்கோடுக்கு மாற்றிவிட்டே ஒட்டவேண்டும். அனுப்புமுன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக் கைபேசியில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரதிகளையும் சுருக்கத்தின் பெயரால் வெட்டக்கூடாது. பிரதேச செயலாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதி போகவேண்டிய மின்னஞ்சலில் அவர்களை விட்டுவிட்டால், மின்னஞ்சலுக்குள் எவ்வளவு பணிவு இருந்தாலும் அவர்களைத் தாண்டிப்போனதாகவே எடுக்கப்படும்.

எல்லா மின்னஞ்சலையும் இந்த அளவுக்கு இறுக்கவேண்டியதில்லை. கோரிக்கை ஒன்றை மறுத்து எழுதும்போது காரணத்துக்கு இடம் கொடுங்கள். காணி, இழப்பீடு, பயனாளி தெரிவு போன்றவற்றில் ஒருவரின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இரண்டு வரியில் எழுதுவது கொடுமை. எந்த நிபந்தனை பொருந்தவில்லை, மேன்முறையீடு யாரிடம், எந்த நாளுக்குள் என்பதை முழுமையாக எழுதவேண்டும். அங்கே வெட்டக்கூடியது முகவுரையை மட்டும்தான். இரங்கல் மடலைச் சுருக்கப் பார்க்கவே வேண்டாம்.

பதில் வராதபோது அனுப்பும் நினைவூட்டலுக்கு மட்டும் முதல் மின்னஞ்சலைவிடக் குறைந்த நீளம் போதும். பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். புதிதாகத் தொடங்கினால் முதலாவதைத் தேடவேண்டிய வேலை அவருக்கு. "இதுவரை எவ்வித பதிலும் கிடைக்கப்பெறவில்லை" என்ற வரி வழமையானதுதான், ஆனால் குற்றம் சாட்டுகிறது. அதை விட்டுவிட்டு, பதில் வந்தால் நாம் அடுத்து என்ன செய்வோம் என்று எழுதுங்கள்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> புதுக்குளம் துருசைப் பார்வையிட உத்தியோகத்தர் ஓகஸ்ட் 14க்குள் வருவது சாத்தியமா என்று அறியத் தந்தால், வாகனத்தை ஒழுங்கு செய்து கமக்காரர் அமைப்புக்கும் சொல்லிவிடுவோம். தங்கள் அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பானவரின் தொலைபேசி எண்ணைத் தந்தாலும் போதும், நாங்களே பேசிக்கொள்கிறோம்.
>
> நன்றி.